முன்பக்க ஹெட்போன் சாக்கெட் ஏன் பேசவில்லை?

பழைய கேபினெட்டை வைத்துக்கொண்டு புது மதர்போர்டு மட்டும் வாங்கிப் பொருத்துகிறவர்கள் உண்டு. கணினி நன்றாக ஓடும். பின்பக்க சாக்கெட்டில் பாட்டு கேட்கும். முன்பக்கத்தில் ஹெட்போனைச் செருகினால் மட்டும், எதுவும் செருகப்படவில்லை என்று விண்டோஸ் சொல்லும். சாக்கெட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி ஒயர்களைப் பார்ப்பது நல்லது.

அந்த ஒயர்கள் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் மதர்போர்டின் கீழ் இடது மூலையில் இருக்கும். ஆசூஸ் போர்டில் AAFP என்றும், எம்.எஸ்.ஐ.யில் JAUD1 என்றும், கிகாபைட்டில் F_AUDIO என்றும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து பின். ஒற்றைப்படை எண்கள் ஒரு வரிசை, இரட்டைப்படை எண்கள் மறு வரிசை. எட்டாவது இடத்தில் பின் இருக்காது. பிளக்கிலும் அந்தத் துளை அடைபட்டிருக்கும். யு.எஸ்.பி. 2.0 இணைப்பும் இதே அளவுதான். ஆனால் அதில் காலியாக இருப்பது ஒன்பதாவது இடம், அங்கே 5 வோல்ட் மின்சாரமும் உண்டு. தனித்தனி ஒயர்களைச் செருகும்போது இதைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

கோளாறின் வேர் இரண்டு தலைமுறை வேறுபாட்டில் இருக்கிறது. முந்தைய ஏசி 97 முறையில் ஒலி சாக்கெட்டுக்குப் போய், பிளக் செருகாதபோது அங்கிருந்து திரும்பி வந்து பின்பக்க ஸ்பீக்கருக்குப் போகும். 2004-இல் இன்டெல் கொண்டுவந்த எச்.டி. ஆடியோவில் ஒலி திரும்புவதில்லை. பிளக் நுழைந்ததைச் சொல்ல சாக்கெட்டுக்குள் தனி சுவிட்ச் இருக்கிறது. 6, 7, 10 ஆகிய பின்கள் அதற்காகவே. பழைய கேபினெட்டில் அந்த சுவிட்ச் கிடையாது. பிளக் நுழைந்த செய்தி போர்டுக்குப் போய்ச் சேராது.

அப்படிப்பட்ட கேபினெட்டில் இணைக்க வேண்டியவை ஐந்தே ஒயர்கள்: மைக் ஒன்றில், கிரவுண்ட் இரண்டில், மைக்குக்கு மின்சாரம் தரும் பயாஸ் ஒயர் மூன்றில், வலது ஒலி ஐந்தில், இடது ஒலி ஒன்பதில். RET என்று தொடங்கும் இரண்டு ஒயர்களையும் எதிலும் செருகாமல் டேப் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். பிறகு பயாஸ் அமைப்பில் முன்பக்க ஆடியோவை HD-யிலிருந்து AC97-க்கு மாற்றலாம். அந்த வசதி இல்லாத போர்டில், ரியல்டெக் ஆடியோ மென்பொருளில் முன்பக்க ஜாக் கண்டறிதலை நிறுத்தும் பெட்டியை டிக் செய்ய வேண்டும். பிளக்கைச் செருகியதும் பின்பக்க ஸ்பீக்கர் தானாக அடங்காது. அது இந்த முறையின் எல்லை.

இசை கேட்கிறது, பாடுபவரின் குரல் மட்டும் மங்கிக் குகைக்குள்ளிருந்து வருகிறது என்றால் இரண்டாவது பின்னில் கிரவுண்ட் சரியாகத் தொடவில்லை. கிரவுண்ட் அறுந்தால் இரு பக்கத்துக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். குரல் பெரும்பாலும் அந்தப் பொது ஒலியில்தான் இருக்கிறது.

சில கேபினெட்டுகளில் ஒரே கேபிளில் HD AUDIO, AC'97 என இரண்டு பிளக்குகள் தொங்கும். புதிய போர்டில் HD AUDIO பிளக்கை மட்டும் செருகுங்கள், மற்றதைத் தொடவே வேண்டாம்.