85 சதவீதம் என்றால் எதில் 85?

சென்னைக்கு வெளியே ஓர் இருசக்கர வாகன உதிரிபாகக் கிடங்கு. அங்கே பிளானர் வேலைக்கு வந்த விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட உட்கார்ந்தேன். விளம்பரம் கேட்டது மூன்று: தேவையை முன்கூட்டிக் கணிப்பது, எதை எவ்வளவு இருப்பு வைப்பது என்ற கொள்கை, திட்டமிடும் மென்பொருள். முதல் இரண்டுக்கும் தலா 40, மூன்றாவதற்கு 20 என்று பிரித்துக்கொண்டேன். மென்பொருளை மூன்று மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். மற்ற இரண்டும் அப்படியல்ல.

ஒரு விண்ணப்பத்தில், 'கணிப்புத் துல்லியத்தை 72லிருந்து 85 சதவீதமாக உயர்த்தினேன்' என்றிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த மட்டத்தில் அளந்த துல்லியம்?

பிரேக் ஷூ 100, கிளட்ச் கேபிள் 100 விற்கும் என்று கணிக்கிறோம். விற்றதோ பிரேக் ஷூ 150, கேபிள் 50. மொத்தத்தைப் பார்த்தால் 200க்கு 200, துல்லியம் நூற்றுக்கு நூறு. பொருள்வாரியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் 50 தவறு. 200க்கு 100 பிசகு, துல்லியம் பாதிதான். பிரேக் ஷூ கேட்டு வந்த மெக்கானிக்கிடம் கேபிளையா நீட்ட முடியும்? எங்கள் விளம்பரம் பொருள்வாரி, கிடங்குவாரி கணிப்பைக் கேட்டிருந்தது. மட்டத்தைச் சொல்லாததால் 40க்கு 20 போட்டேன்.

அடுத்தது இருப்புக் கொள்கை. 'சேஃப்டி ஸ்டாக்' என்ற சொல் அதில் எங்குமே இல்லை. சொல்லைத் தேடி வடிகட்டும் ஆள் இங்கேயே ஒதுக்கியிருப்பார். அவர் எழுதியிருந்தது இது: 'வேகமாக நகரும் பொருள்களுக்கு மின்–மேக்ஸ் அளவைச் சப்ளையர் எடுக்கும் நாளைப் பார்த்து காலாண்டுக்கு ஒருமுறை மாற்றினேன். இருப்பு 12 சதவீதம் குறைந்தது, ஃபில் ரேட் 91லிருந்து 94 ஆனது.' வேறு பெயரில் அதே வேலைதான். இருப்பைக் குறைத்தேன் என்று மட்டும் சொல்பவரை நான் நம்புவதில்லை. வாங்குவதை நிறுத்தினால் யாருக்கும் இருப்பு குறையும். கேட்ட சரக்கு கிடைத்ததா என்பதையும் இவர் கூடவே சொல்லியிருக்கிறார். 30 போட்டேன். நிலையில்லாமல் விற்கும் பொருள்களை என்ன செய்தார் என்று தெரியாததால் மீதி 10 நின்றுபோனது.

மென்பொருளுக்கு நேரே 'எஸ்.ஏ.பி.' என்று ஒரே சொல். உள்ளே படித்தால், `MD04` திரையில் இருப்பைப் பார்த்து பர்ச்சேஸுக்குச் சொல்லியிருக்கிறார். நாங்கள் கேட்டதோ கணிப்பு மாதிரியை அமைத்து ஓட்டும் ஐ.பி.பி. அனுபவம். 20க்கு 5.

மொத்தம் 55. நேர்காணலுக்கு 60 வேண்டும். கீழே தள்ளுமுன் ஒரு போன் போட்டு, அந்த 85 எந்த மட்டத்தில் என்று மட்டும் கேட்டேன். "பொருள்வாரி, டிப்போவாரிங்க சார். ஒரு மாசம் முன்னாடி போட்ட கணிப்போட ஒப்பிட்டது. மொத்தமாப் பார்த்தா 93 வரும், அதை எழுத மனசு வரல" என்றார்.

20ஐ அடித்துவிட்டு 35 எழுதினேன்.