மாப்பிள்ளைக்கு மேல் பெர்த்தா?

தில்லித் தமிழர்களின் குடும்பச் சண்டைகளில் பாதி ராமகிருஷ்ணாபுரத்திலோ கரோல்பாகிலோ மயூர் விஹாரிலோ நடப்பதில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நடக்கின்றன. 1976ல் ஓடத் தொடங்கிய இந்த ரயில், இரவு ஒன்பது மணிக்கு மேல் புதுதில்லியை விட்டுக் கிளம்பி, ஏறத்தாழ 2,180 கிலோமீட்டரைக் கடந்து, மூன்றாம் நாள் காலை சென்னை சென்ட்ரலில் போய் நிற்கிறது. இடையில் இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும். 1929லிருந்து ஓடும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறியவர்களுக்கு இன்னும் சில மணி நேரம் கூடுதல் தண்டனை, அல்லது கூடுதல் சந்தோஷம். கூட வருகிற உறவினரைப் பொறுத்தது அது.

மத்திய அரசு ஊழியருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊர் போய்வர விடுப்புப் பயணச் சலுகை உண்டு. அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அது பொருந்தும். மே மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் மூன்று தலைமுறையும் ஒரே பெட்டியில் ஏறுவது இப்படித்தான் வழக்கமாயிற்று. கூடவே கல்யாணமான தங்கை, அவள் கணவர், படித்துக்கொண்டிருக்கும் தம்பி என்று வால் நீளும்.

சண்டை ரயிலில் ஆரம்பிப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது டிக்கெட் எடுக்கும்போதே ஆரம்பமாகிவிடுகிறது. ஒன்பது பேர் கொண்ட ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் இடமில்லை. ஆகவே தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு குழந்தைகள் ஒரு டிக்கெட். கல்யாணமாகி எட்டே மாதமான தங்கை, மாப்பிள்ளை, தம்பி மூவரும் சொந்தச் செலவில் இன்னொரு டிக்கெட். முதல் டிக்கெட்டுக்கு எஸ்4 பெட்டியில் 17 முதல் 22 வரை கிடைக்கிறது. இரண்டாவதற்கு எஸ்6ல் 39, 40, 43.

தூங்கும் வசதிப் பெட்டியில் எட்டு எட்டாகத்தான் கணக்கு. ஒவ்வொரு எட்டிலும் முதலாவதும் நான்காவதும் கீழ் பெர்த். இரண்டும் ஐந்தும் நடு. மூன்றும் ஆறும் மேல். ஏழு பக்கவாட்டில் கீழ். எட்டு அதற்கு மேல். ஆக, எஸ்4ல் 17ம் 20ம் மட்டுமே கீழ். அவை தாத்தாவுக்கும் பாட்டிக்கும் என்பதில் தகராறில்லை. எஸ்6ல் 39 பக்கவாட்டுக் கீழ், அது தங்கைக்கு. 40 அதன் மேலே, தம்பிக்கு. மிஞ்சியிருப்பது 43. மேல் பெர்த். மாப்பிள்ளைக்கு.

“மாப்பிள்ளைக்கு மேல் பெர்த்தா?” என்று பாட்டி மகனிடம் கேட்கிறார். மாப்பிள்ளை காதில் விழும்படி, ஆனால் மாப்பிள்ளையிடம் அல்ல. “பரவாயில்லை” என்கிறார் மாப்பிள்ளை. சிறிது நேரத்தில் இன்னொரு தடவை “பரவாயில்லை”. மூன்றாவது “பரவாயில்லை”யில் சுருதி இறங்கிவிடுகிறது. அது பரவாயில்லாத விஷயம் என்று எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

வயதானவர்களுக்கென்று கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறதே, அதில் எடுத்திருக்கலாமே என்று வழியனுப்ப வந்தவர் யோசனை சொல்வார். இருக்கிறதுதான். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் அது உண்டு. ஆனால் அவர்கள் தனியாகவோ அல்லது அதே தகுதியுள்ள இன்னொருவரோடு இருவராகவோ டிக்கெட் எடுத்தால்தான். பேரன் பேத்தியைச் சேர்த்து ஆறு பேர் என்று எழுதிய கணமே அந்த ஒதுக்கீடு போயிற்று. கிடைத்தால் கீழே, இல்லையென்றால் இல்லை. தாத்தா பாட்டிக்குத் தனி டிக்கெட் எடுத்திருந்தால் இரண்டு கீழ் பெர்த் அநேகமாக நிச்சயம். ஆனால் அது எந்தப் பெட்டியில் விழும் என்று சொல்ல முடியாது. இந்த யோசனையை மகன் முன்பே சொல்லிப் பார்த்தவர்தான். “வேத்து மனுஷங்க மாதிரி நாங்க ரெண்டு பேரும் வேற பெட்டியில வரணுமாக்கும்?” என்று பாட்டி கேட்ட கேள்விக்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. இடுப்புவலிக்கு வசதி வேண்டும், குடும்பமும் கண்ணெதிரே வேண்டும் என்றால் ரயில்வேயின் கணினி இரண்டில் ஒன்றைத்தான் தரும்.

அடுத்த படலம் பெர்த் மாற்றிக்கொள்வது. இதற்கும் எழுதாத விதி உண்டு. கேட்பவர், பிறர் விட்டுக்கொடுப்பதற்குச் சமமானதையோ மேலானதையோ நீட்ட வேண்டும். மேல் பெர்த்தைக் காட்டிக் கீழ் பெர்த்தைக் கேட்பவருக்குக் கிடைப்பது முறைப்புதான். எஸ்4ல் 23ம் 24ம் வெளியார். 23ல் இருப்பவர் நல்ல மனிதர், மாறிக்கொள்ளத் தயார். ஆனால் நாக்பூரில் இறங்குகிறவர். அங்கே அதே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வேறொருவர் ஏறினால், உட்கார்ந்திருக்கும் தங்கை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மறுபடி எஸ்6க்கு நடக்க வேண்டும். அனுபவசாலிகள் “மாத்திக்கிறீங்களா?” என்று கேட்பதற்கு முன் “எதுவரைக்கும்?” என்று கேட்பது இதனால்தான். 24ல் இருப்பவர் சென்னை வரை வருகிறார். அவருக்கு எஸ்6ன் 40ஐக் கொடுத்தால் பக்கவாட்டு மேலுக்குப் பக்கவாட்டு மேல், நஷ்டமில்லை. டி.டி.இ. வந்ததும் இருவரும் சொல்லிவிடுகிறார்கள்.

விளைவு? தம்பி எஸ்4க்கு வந்துவிட்டான். மாப்பிள்ளையும் தங்கையும் மட்டும் எஸ்6ல். மாமியார் முகம் வாடுகிறது. மாப்பிள்ளை “பரவாயில்லை” என்றுகூடச் சொல்லவில்லை. மதுரா தாண்டும்வரை நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை.

இந்த இறுக்கத்தை யார் தளர்த்தலாம் என்பதில்தான் தமிழ்க் குடும்பத்தின் சூட்சுமம் இருக்கிறது. மாமனார் முடியாது. மாமியார் நிச்சயமாக முடியாது; அவர் “மாப்பிள்ளை சாப்பிட்டாரா?” என்பதைக்கூட மகளிடம்தான் கேட்பார். மருமகளும் மாமனாரும் அப்படியே. வீட்டில் அவரவர்க்கு ஓர் அறை, ஒரு வாசல்படி இருக்கிறது. ரயிலில் முழங்காலும் முழங்காலும் இடிக்க எதிரெதிரே உட்கார வேண்டும். மாமனார் முன்னால் மருமகள் பகலில் காலை நீட்ட முடியாது. மாமியார் தலைக்கு மேலே மாப்பிள்ளை காலைத் தொங்கப்போட முடியாது. மரியாதை காட்டி ஒதுங்கியிருக்க வேண்டிய உறவுகளை எட்டு பெர்த்துக்குள் அடைத்துவிடுகிறது ரயில்.

கேலி செய்யும் உரிமை வேறு சிலருக்கு. மைத்துனன் மாப்பிள்ளையைக் கேலி செய்யலாம், கொழுந்தன் அண்ணியைச் செய்யலாம், முறையுள்ளவர்கள் ஒருவரையொருவர் செய்யலாம். மானிடவியலார் இதை உலகின் பல சமூகங்களில் கண்டிருக்கிறார்கள். ஆங்கிலேய அறிஞர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940ல் எழுதிய கட்டுரை ஒன்றில், கல்யாணத்தால் நெருங்கியும் அதே கல்யாணத்தால் விலகியும் நிற்பவர்களுக்கு இரண்டு வழிதான் என்கிறார்: மிகுந்த மரியாதையோடு ஒதுங்கிக்கொள்வது, அல்லது கோபித்துக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு கிண்டல் செய்துகொள்வது. அவர் உதாரணம் காட்டியது பெரும்பாலும் ஆப்பிரிக்காவை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரு தடவை வந்திருந்தால் இரண்டையும் ஒரே ஜன்னலோரத்தில் பார்த்திருப்பார்.

ஆகவே வாயைத் திறப்பது தம்பிதான். “என்ன அத்தான், கல்யாணமாகி எட்டு மாசத்துல தனிக்குடித்தனமே வாங்கிட்டீங்க! எஸ்6ல வாடகை எவ்வளவு?” தங்கை அவன் முதுகில் ஒன்று வைக்கிறாள். மாப்பிள்ளைக்குச் சிரிப்பதா வேண்டாமா என்ற யோசனை. பிறகு, “வாடகை இல்லை. மச்சினன் தொல்லை இல்லைன்னு கூடுதலாவே கேட்டாங்க” என்கிறார். பதில் வந்துவிட்டது. பெரியவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்கிறார்கள்.

தின்பண்டம் மறுநாள் காலையில் மேடைக்கு வருகிறது, போபாலுக்குப் பிறகு. ஆளுக்கு நான்கு வீதம் முப்பத்தாறு இட்லி. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் இருபுறமும் தடவி அடுக்கியது. தேங்காய்ச் சட்னி கிடையாது. மே மாத வெயிலில் அது ஆக்ரா தாண்டாது. மத்தியானத்துக்கு அண்ணியின் புளியோதரை. தயிர்சாதம் தங்கையின் பொறுப்பு. அதில் பால்தான் நிறைய, தயிர் ஒரு கரண்டி போதும். போகப்போகத் தோய்ந்து நாக்பூரில் பதமாக இருக்க வேண்டும். தங்கை தயிரைச் சற்றுத் தாராளமாக ஊற்றிவிட்டாள். மூடியைத் திறந்ததும் வாசனை சொல்லிவிடுகிறது. நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து டிகிரிகூடக் காயும் விதர்ப்பாவில் புளியோதரை தாக்குப் பிடிக்கிறது, தயிர்சாதம் தோற்றுப்போகிறது. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் நாத்தனாருக்குச் சுடுகிறது. “புளியோதரையிலயும் உப்பு கொஞ்சம் தூக்கல்தான்” என்கிறாள்.

இங்கேயும் கொழுந்தன்தான். “அண்ணி, ரெண்டையும் கலந்துட்டா உப்பும் சரியாயிடும், புளிப்பும் சரியாயிடும். குடும்ப ஒத்துமை!” என்று நிஜமாகவே கலந்து ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறான். முதலில் சிரிப்பது அண்ணி. பிறகு தங்கை. அந்த முகச்சுளிப்பை மகாராஷ்டிரம் முடியும்வரை குழந்தைகள் நடித்துக் காட்டுகிறார்கள்.

முறுக்கு டப்பா இன்னொரு பஞ்சாயத்து. தில்லி எல்லை தாண்டுவதற்குள் யாரோ திறந்து பாதி காலி. யார் என்று பாட்டி விசாரிக்க, “மாப்பிள்ளைகிட்ட இருக்கிற முறுக்கு போதாதா, டப்பாவுல வேற எதுக்கு?” என்கிறார் மூத்தவர். மைத்துனன் சொன்னதால் அது வேடிக்கை. இதையே மாமனார் சொல்லியிருந்தால் விஜயவாடாவில் இறங்கித் திரும்பிப் போகிற அளவுக்கு வந்திருக்கும்.

எல்லாக் கிண்டலும் பலிப்பதில்லை. இடத்தையும் சாப்பாட்டையும் தாண்டி, கல்யாணத்தில் போட்ட நகை, கிடைக்காத பதவி உயர்வு, தள்ளிப்போகும் குழந்தை என்று எட்டு வைத்தால் சிரிப்பு அறுந்துவிடும். அடையாளம் எளிது. பதில் கிண்டல் வராது. அடிபட்டவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “தலைவலி” என்று சொல்லிப் பட்டப்பகலில் மேல் பெர்த்தில் ஏறிப் போர்வையை இழுத்துக்கொள்வார். அப்போது வேடிக்கை பேசியவன் இன்னொரு வேடிக்கை பேசினால் கெட்டது. பல்லார்ஷாவில் டீ வாங்கிப் பேசாமல் மேலே நீட்ட வேண்டும். டீயை வாங்கிக்கொண்டால் வாரங்கல்லுக்குள் அவர் இறங்கிவிடுவார்.

விமானத்தில் இந்தத் தொல்லையே இல்லை என்பவர்கள் பெருகிவிட்டார்கள். மூன்று மணி நேரத்துக்குள் சென்னை. உண்மைதான். ஆனால் ஓடுபாதையில் தொடங்கிய மனத்தாங்கல் மீனம்பாக்கத்தில் இறங்கும்போதும் சூடு ஆறாமல் அப்படியே இருக்கும். ரயிலில் அதற்கு முப்பத்து மூன்று மணி நேரம் அவகாசம்; எழுந்து போகவும் இடமில்லை.

இரவு பத்து மணிக்கு நடு பெர்த்தைத் தூக்கி மாட்டலாம் என்பது 2017 முதல் விதி. அதற்கு முன் ஒன்பது. விஜயவாடா நெருங்கும்போது பாட்டிக்குக் கண் சொக்குகிறது. ஆனால் அவர் பெர்த்தில் ஐந்து பேர் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். எஸ்6லிருந்து வந்த மாப்பிள்ளை ஜன்னலோரம், சீட்டும் கையுமாக. “தனிக்குடித்தனக்காரங்க வீட்டுக்குக் கிளம்பலையா?” என்று ஒரு குரல். தம்பியோ அண்ணனோ அல்ல. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பாட்டி மகளைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை சட்டென்று எழுந்து நின்றுவிடுகிறார், சிரிப்பை அடக்க முடியாமல்.