பழைய நகை: உருக்கிய பிறகு எத்தனை பவுன்?

மூன்று பவுன் பழைய சங்கிலியைக் கொடுத்துவிட்டு மூன்று பவுனில் புதுச் சங்கிலி எடுக்கலாம், செய்கூலி சேதாரத்துக்கு மட்டும் கையிலிருந்து போட்டால் போதும் என்ற கணக்கோடுதான் பலரும் நகைக்கடைக்குப் போகிறார்கள். கடையில் சொல்கிற கணக்கு வேறாக இருக்கிறது. "மாத்து கம்மியா இருக்கும்மா, உருக்கினா இன்னும் குறையும்" என்கிறார் விற்பனையாளர். அந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு கழிவுகள் இருக்கின்றன. இரண்டும் நியாயமாகவும் இருக்கலாம். ஒரே குறைக்கு இரண்டு முறை கழித்ததாகவும் இருக்கலாம்.

முதலில் மாற்று. 22 கேரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம்; 916 என்பது அதைத்தான் குறிக்கிறது. மீதி செம்பும் வெள்ளியும். ஆனால் 22 கேரட் தங்கத்தில் செய்த பழைய நகை முழுவதும் 22 கேரட்டாக இருப்பதில்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கும் பொடி, நகை உருகுவதற்கு முன்பே உருகியாக வேண்டும் என்பதால், அதில் செம்பு போன்ற மலிவான உலோகங்களைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அதனால் பற்று அதிகமுள்ள நகையில் மாற்று இறங்கும். ஒரே காலத்தில் செய்த திண்ணமான வளையலும் மெல்லிய கண்ணிச் சங்கிலியும் சோதனையில் வேறுவேறு மாற்றுக் காட்டுவதற்கு இது ஒரு காரணம். மாற்றே குறைந்த தங்கத்தில் செய்து 22 கேரட் என்று விற்ற நகைகளும் உண்டு.

அடுத்தது உருக்குக் கழிவு. மூசையில் வெண்காரம் போட்டு நகையை உருக்கும்போது எடை குறையத்தான் செய்யும். ஆனால் குறைவது எது? வருடக்கணக்கில் சேர்ந்த எண்ணெயும் அழுக்கும், உள்ளே இருந்த அரக்கும் எரிந்து போகின்றன. பற்றில் துத்தநாகமோ காட்மியமோ இருந்தால் புகையாகிவிடும். செம்பில் ஒரு பகுதி வெண்காரக் கசடோடு போய்விடும். தங்கம் அந்தச் சூட்டில் ஆவியாவதில்லை. மூசையில் ஒட்டிக்கொள்ளும் துளிதான் உண்மையான தங்க இழப்பு. கவனமாக உருக்கினால் அது மிகச் சொற்பம். அதாவது, பெரும்பாலும் வெளியேறுவது தங்கமல்லாத பொருள். ஆகவே எடை குறையும்போது மிஞ்சிய கட்டியின் மாற்று சற்றே ஏறுகிறது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. உருக்கிய கட்டியின் எடையை, அதே கட்டியைச் சோதித்து வந்த மாற்றோடுதான் பெருக்க வேண்டும். உருக்கும் முன் பார்த்த மாற்றை உருக்கிய பின் வந்த எடையோடு சேர்த்தால் கணக்கு தப்பும். கேரட் மீட்டர் நகையின் மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. பற்று இருக்கும் இடத்தில் வைத்தால் குறைவாகவும், வேறு இடத்தில் வைத்தால் அதிகமாகவும் காட்டும். உருக்கினால் எல்லாம் கலந்துவிடுவதால் கட்டியின் அளவு நம்பகமானது.

ஒரு சங்கிலியை வைத்தே பார்ப்போம். கல் இல்லை, எடை 24 கிராம். உருக்கிய பின் கட்டி 23.64 கிராம், சோதனையில் மாற்று 86 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 20.33 கிராம் சுத்தத் தங்கம். இதை 91.6 சதவீதத்தால் வகுத்தால் சுமார் 22.2 கிராம் என்று 22 கேரட் கணக்கு கிடைக்கும். 22 கேரட் விலை கிராமுக்கு 10,000 ரூபாய் என்று, கணக்கு எளிதாக இருப்பதற்காக, வைத்துக்கொள்வோம். சங்கிலிக்குச் சேர வேண்டியது சுமார் 2,21,950 ரூபாய். 24 கிராமுக்கு முழு விலை 2,40,000 என்று நினைத்து வந்தவருக்குச் சுமார் 18,050 ரூபாய் குறைகிறது. இது நகையிலேயே இருந்த குறை; கடைக்காரர் எடுத்துக்கொண்டதல்ல.

தவறு நடப்பது இதற்குப் பிறகு. "கட்டி 23.64 கிராம், மாற்று 86, இன்றைய விலை 10,000" என்று மூன்றையும் நேராகப் பெருக்கினால் வருவது 2,03,300 ரூபாய்தான். பார்க்கச் சரியான கணக்கு போலவே இருக்கும். ஆனால் 86 என்பது சுத்தத் தங்கத்தின் பங்கு. 10,000 என்பது ஏற்கெனவே எட்டுப் பங்குக்கு மேல் கலப்புள்ள 22 கேரட்டின் விலை. கலப்புக்காக இரண்டு தடவை கழித்தாகிவிட்டது. 18,000 ரூபாய்க்கு மேல் காணாமல் போகிறது. சுத்தத் தங்கத்தின் எடை என்றால் 24 கேரட் விலையால் பெருக்க வேண்டும். 22 கேரட் விலைதான் என்றால் முதலில் 91.6 சதவீதத்தால் வகுக்க வேண்டும்.

இன்னொன்று, கட்டியை எடை போட்ட பிறகும் "உருக்குச் சேதாரம் இரண்டு சதவீதம்" என்று தனியாக எழுதுவது. எடையில் குறைந்தது ஏற்கெனவே குறைந்துவிட்டது. நம் சங்கிலியில் இந்த இரண்டு சதவீதம் 4,400 ரூபாய்க்கு மேல் வரும். அது கடையின் லாபம். அந்தப் பெயரில் கேட்டால் கொடுப்பதா வேண்டாமா என்று பேரம் பேசலாம்.

ஹால்மார்க் நகைக்கு இந்தப் பேச்சே பெரும்பாலும் தேவைப்படாது. 2023 ஏப்ரல் 1 முதல் புதிதாக விற்கும் ஹால்மார்க் நகையில் பிஐஎஸ் முத்திரை, 22K916 போன்ற மாற்று, ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யூஐடி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அந்த எண்ணை BIS Care செயலியில் போட்டால் நகையின் மாற்று தெரியும். முத்திரை இல்லாத பழைய நகையைப் பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டி, யார் வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம். கடைக்குப் போவதற்கு முன் இதைச் செய்வது நல்லது. உருக்கியபின் பேரம் படியவில்லை என்றால் உங்கள் கையில் திரும்புவது சங்கிலியாக இருக்காது, கட்டியாகத்தான் இருக்கும். கல் வைத்த நகை என்றால் கல்லைக் கழற்றித் திரும்ப வாங்கிக்கொண்டு, அதற்குப் பின் எடை போடச் சொல்ல வேண்டும்.

பழைய நகையின் கணக்கு நேர்மையாக முடிந்தாலும், மாற்றிக்கொள்வதன் செலவு பில்லின் மறுபக்கத்தில் இருக்கிறது. அதே 24 கிராமில் புதுச் சங்கிலி, சேதாரம் 12 சதவீதம் என்றால் விலை 2,68,800 ரூபாய். ஜிஎஸ்டி 3 சதவீதம், பழைய நகையைக் கழித்த மீதிக்கு அல்ல, புதிய நகையின் முழு விலைக்கும் விழும், அது 8,064. மொத்தத்தில் 2,21,950 போக, கையிலிருந்து கட்ட வேண்டியது சுமார் 54,900 ரூபாய். மூன்று பவுனுக்கு மூன்று பவுன் வாங்க இவ்வளவு. இதில் மாற்றுக் குறைவின் பங்கு மூன்றில் ஒன்றுதான்.

"பழைய நகைக்குக் கழிவே இல்லை" என்று விளம்பரம் செய்யும் கடையில் 24 கிராமுக்கும் முழு விலை, 2,40,000 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே சேதாரம் 20 சதவீதம் என்றால், வரியோடு புதுச் சங்கிலி 2,96,640 ரூபாய். கட்ட வேண்டியது 56,640. கழிவு பிடித்த கடையைவிட இது அதிகம்.

ஆகவே இரண்டு கடைகளை ஒப்பிடும்போது கழிவுச் சதவீதத்தையோ சேதாரச் சதவீதத்தையோ தனித்தனியே பார்த்துப் பயனில்லை. ஒரே எடை, ஒரே வகைப் புதுநகை. அதற்கு வரியோடு கடைசியில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று இரண்டு இடத்திலும் எழுதி வாங்குங்கள். அதோடு கட்டியின் எடை, அதன் மாற்று, எந்தக் கேரட் விலை என்ற மூன்றும் அந்தத் தாளில் இருக்கட்டும். இந்த மூன்றையும் எழுதித் தராத கடையில் உருக்கச் சம்மதிக்க வேண்டாம்.