துளைக்கு வெளியே நிற்கும் டாலரன்ஸ்

ஒரு பம்பின் கேஸிங். அதன் முகத்தில் வட்டமாக எட்டு ஸ்டட். துளைகள் எட்டும் டிராயிங்படி சரியென்று இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் சொல்கிறது. கவரைத் தூக்கி மேலே வைத்தால் ஆறு ஸ்டட்டில் நுழைகிறது, இரண்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஃபிட்டர் ஒரு குழாய்த் துண்டை அந்த ஸ்டட்டில் மாட்டி நெம்பி நிமிர்த்தப் பார்ப்பார். அதுவும் நடக்கவில்லையென்றால் கவரின் துளையை டிரில் போட்டுப் பெரிதாக்கிவிடுவார். நெம்பிய ஸ்டட்டின் மரை அடியில் வளைந்திருக்கும் என்பது வெளியே தெரியாது. பம்பு ஓடி, நட்டை இறுக்கி இறுக்கி, ஒருநாள் அது முறியும்போதுதான் தெரியும்.

இதில் பல சமயம் மெஷின்காரர் மேலும் தப்பில்லை, அளந்தவர் மேலும் தப்பில்லை. டிராயிங்கில் வட்டத்துக்குள் ஒரு P என்ற எழுத்து விடுபட்டிருக்கும். அல்லது எழுத்து இருந்தும், அதைப் படித்தவர் துளைக்கு உள்ளேயே அளந்திருப்பார்.

டேப் அடித்த துளையில் ஸ்டட்டைத் திருகிவிட்டால் அந்த மரையின் அச்சு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் ஸ்டட்டும் நிற்கும். பந்தக்கால் நடும்போது குழிக்குள் ஒரு விரல் சாய்ந்தால் மேலே ஒரு முழம் சாய்கிறதல்லவா, அதே கணக்கு. துளையின் ஆழம் குறைவு, வெளியே நிற்கும் உயரம் அதிகம். உள்ளே தெரியாத சாய்வு வெளியே பெரிதாகிவிடுகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். M10 ஸ்டட். கேஸிங்கில் மரை 15 மி.மீ. ஆழம். கவரின் கனம் 20 மி.மீ. அதன் மேல் வாஷர், நட், நட்டுக்கு வெளியே இரண்டு மரை என்று எல்லாம் சேர்த்து, ஸ்டட் முகத்துக்கு மேலே அதிகபட்சம் 35 மி.மீ. நிற்கிறது. கவரில் உள்ள துளை குறைந்தபட்சம் 11 மி.மீ. விட்டம். ஆக ஸ்டட்டுக்கும் கவர்த் துளைக்கும் இடையே விட்டத்தில் 1 மி.மீ. இடைவெளி. இந்த 1 மி.மீ.யைத்தான் டிசைனர் இரண்டு பாகத்துக்கும் பங்கு போடுகிறார். கவர்த் துளையின் பொசிஷனுக்கு 0.6, கேஸிங்கின் டேப் துளைக்கு 0.4. இதைச் சூத்திரமாக எழுதினால்:

```
H = F + T1 + T2
11 = 10 + 0.6 + 0.4
```

H என்பது கவர்த் துளையின் மிகச் சிறிய விட்டம், F ஸ்டட்டின் மிகப் பெரிய விட்டம், T1, T2 இரண்டும் பொசிஷன் டாலரன்ஸ்கள். 0.4 விட்டமுள்ள எல்லை என்றால், ஸ்டட்டின் அச்சு இருக்கவேண்டிய இடத்திலிருந்து எந்தப் பக்கமும் 0.2 மி.மீ.க்கு மேல் விலகக்கூடாது என்று பொருள்.

கணக்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் P இல்லாமல் வெறும் 0.4 என்று எழுதினால், அந்த எல்லை துளையின் 15 மி.மீ. ஆழத்துக்குள் மட்டுமே செல்லும். அச்சு துளையின் அடியில் இடப்பக்கம் 0.2, வாயில் வலப்பக்கம் 0.2 என்று குறுக்காகப் போனாலும் டிராயிங் ஏற்றுக்கொள்ளும். 15 மி.மீ.யில் 0.4 சாய்வு, கோணத்தில் சுமார் ஒன்றரை டிகிரி. கண்ணுக்கு நிமிர்ந்தது போலத்தான் தெரியும். அதே சாய்வில் இன்னும் 35 மி.மீ. மேலே போனால் ஸ்டட்டின் நுனி 1.13 மி.மீ. விலகி நிற்கும். கவர் அதற்கு விட்டுவைத்த இடமோ 0.2 மி.மீ.

ஒரே ஒரு ஸ்டட் என்றால் இது பெரிய சங்கதியில்லை. கவர் கொஞ்சம் நகர்ந்து இறங்கிவிடும். எட்டு ஸ்டட் எட்டுத் திசையில் சாய்ந்தால் கவர் எந்தப் பக்கம் நகரும்?

இந்த இடத்தில்தான் P வருகிறது. அமெரிக்கத் தரமான ASME Y14.5-இன் முறையில், டிராயிங்கில் கட்டம் இப்படி இருக்கும்:

```
| ⌖ | ⌀0.4 Ⓟ 35 | A | B | C |
```

முதல் கட்டத்தில் உள்ள குறி பொசிஷன். கடைசி எழுத்துகள் எந்த முகங்களிலிருந்து அளப்பது என்று சொல்லும் டேட்டம்கள். நம் உதாரணத்தில் A என்பது கவர் உட்காரும் கேஸிங் முகம். நடுக் கட்டத்தை மெதுவாகப் படிக்கவேண்டும். 0.4 விட்டமுள்ள ஓர் உருளையை மனதில் நிறுத்துங்கள். P இருப்பதால் அந்த உருளை துளைக்குள் இல்லை. கேஸிங்கின் முகத்திலிருந்து தொடங்கி, வெளியே, 35 மி.மீ. உயரத்துக்கு A முகத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. துளையின் அச்சை வெளியே நீட்டினால் அது அந்த உருளைக்குள்ளேயே அடங்கவேண்டும். இப்போது அனுமதிக்கப்படும் அதிகபட்சச் சாய்வு 35 மி.மீ.யில் 0.4, அதாவது முக்கால் டிகிரிகூட இல்லை. டாலரன்ஸ் எண் மாறவில்லை, 0.4-தான். அது பொருந்தும் இடம் மட்டும் மாறியது.

அந்த 35 எங்கிருந்து வந்தது என்பதில் அனுபவமுள்ளவர்களே சறுக்குகிறார்கள். பல டிராயிங்குகளில் P-க்குப் பக்கத்தில் கவரின் கனத்தை எழுதிவிடுவார்கள். போல்ட் என்றால் அது சரி. போல்ட் கவரின் வழியாக மேலிருந்து வருகிறது; கவரின் கனத்துக்குள் அது முட்டாமல் இருந்தால் போதும். ஸ்டட் அப்படியல்ல. அது முதலிலேயே நின்றுகொண்டிருக்கிறது, கவர்தான் அதன் நுனியிலிருந்து கீழே இறங்கி வரவேண்டும். ஆகவே ஸ்டட்டுக்கு எழுதவேண்டியது, மாட்டிய பிறகு அது வெளியே நிற்கக்கூடிய அதிகபட்ச உயரம். நம் உதாரணத்தில் 35-க்குப் பதில் 20 என்று எழுதியிருந்தால், 20 மி.மீ. உயரத்தில் 0.2-க்குள் அடங்கும் அச்சு, 35-ல் நுனிக்கு வரும்போது 0.5 மி.மீ. விலகியிருக்கலாம். P போட்டும் கவர் நுனியிலேயே முட்டும்.

இனி அளப்பது. கேஸிங்கை சிஎம்எம் மேடையில் ஏற்றி, ஒரு துளையின் அச்சை இரண்டு இடத்தில் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எளிமைக்காக விலகல் X திசையில் மட்டும். துளையின் வாயில் +0.04 மி.மீ., 15 மி.மீ. ஆழத்தில் −0.08. இரண்டுமே 0.2-க்குள். உள்ளே மட்டும் பார்ப்பவர் உடனே ஓகே போட்டுவிடுவார். ஆனால் 15 மி.மீ.க்கு 0.12 சாய்வு என்றால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.008. மேலே 35 மி.மீ. போனால் 0.28 கூடும். வாயில் இருந்த 0.04-ஐச் சேர்த்தால் நுனியில் 0.32. துளை ரிஜெக்ட்.

இன்னொரு துளை. வாயில் +0.15, அடியில் +0.24. அடியில் 0.2-ஐத் தாண்டிவிட்டது, P இல்லாத டிராயிங் இதைத் தள்ளிவிடும். ஆனால் இந்த அச்சு மேலே வர வர நடுவை நோக்கித் திரும்புகிறது. மில்லிமீட்டருக்கு 0.006 வீதம் குறைந்து, 35 உயரத்தில் −0.06-க்கு வந்துவிடுகிறது. முகத்திலிருந்து நுனிவரை முழுவதும் எல்லைக்குள். P உள்ள டிராயிங்கின்படி இது நல்ல துளை. கவரும் இதில் தடையின்றி இறங்கும். P என்றாலே கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு இந்தத் துளையைக் காட்டலாம். துளையின் அடி எங்கே போனாலும் கவருக்குக் கவலையில்லை, அதனால் P-யும் அங்கே பார்ப்பதில்லை.

அளப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. மேலே போட்ட கணக்கு, குட்டையான துளையில் எடுத்த இரண்டு புள்ளியை வைத்து இரண்டு மடங்குக்கும் மேலான தூரத்தை ஊகிக்கிறது. வாயில் 0.01 மி.மீ. தப்பாக எடுத்தால் நுனியில் அது 0.03-க்கும் மேலாகிவிடும். போதாததற்கு மரைக்குள் புரோப் தொடும் இடம் சீராக இருப்பதில்லை. ஒரே உயரத்தில் நான்கு பக்கம் தொட்டால் ஒரு பக்கம் மரையின் முகடு, மறுபக்கம் பள்ளம். சுற்றிக்கொண்டே, கால் சுற்றுக்கு மரையின் பிட்ச்சில் கால் பங்கு உயரம் மாறித் தொடவேண்டும்; M10-இன் 1.5 பிட்ச்சுக்கு அது 0.375 மி.மீ. இதைச் செய்தாலும் அரைகுறை நம்பிக்கைதான்.

ஆகவே நல்ல பட்டறைகளில் துளைக்குள் புரோபை விடுவதில்லை. ஒரு முனையில் மரையும், மறுமுனையில் துல்லியமாகக் கிரைண்ட் செய்த உருளையும் கொண்ட கேஜ் பின்னைத் துளையில் திருகுகிறார்கள். பிறகு அந்த உருளையை முகத்தை ஒட்டி ஒருமுறை, 35 மி.மீ. உயரத்தில் ஒருமுறை அளக்கிறார்கள். ஸ்டட் நிற்கும் இடத்திலேயே அளவு கிடைத்துவிடுகிறது, ஊகிக்கவேண்டியதில்லை. பின்னின் மரை துளைக்குள் ஆடக்கூடாது, அது முக்கியம். சாதாரண த்ரெட் பிளக் கேஜைத் திருகி, வெளியே இருக்கும் பகுதியை விரலால் அசைத்துப் பாருங்கள். டயல் முள் ஆடும். அந்த ஆட்டமே நம் 0.4-இல் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதனால்தான் உள்ளே போய் விரிந்து பிடிக்கும் மரையுள்ள பின்கள் வைத்திருக்கிறார்கள்.

எட்டில் இரண்டு மட்டும் சாய்ந்திருந்தால் காரணத்தை அந்த இரண்டிலும் தேடலாம். டிரில் இறங்கிய இடத்தில் வார்ப்பின் மேடு இருந்ததா, டேப்பைக் கையால் பிடித்தபோது தொடக்கத்திலேயே சாய்ந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். எட்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் துளைகளை விட்டுவிட்டு கிளாம்ப்புக்கு அடியில் பார்க்கவேண்டும். கேஸிங்குக்கும் மேடைக்கும் இடையில் ஒரு பிசிர் சிக்கியிருந்தால் போதும்.

துளை அடிவரை போகாமல் நின்றால் உருளை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் குழப்பமில்லை. இருபுறமும் திறந்த துளை என்றால் டிராயிங்கே பக்கத்தைச் சொல்லவேண்டும். துளைக்கு மேலே தடித்த சங்கிலிக் கோடு ஒன்றை இழுத்து, அதன் நீளத்தை அளவாகப் போட்டிருப்பார்கள். அந்தக் கோடு இருக்கும் பக்கம்தான் ஸ்டட் நிற்கும் பக்கம். கோடு இல்லையென்றால் அளக்காமல் டிராயிங்கைத் திருப்பி அனுப்புவது நல்லது.

P கட்டுப்படுத்துவது துளையை மட்டும். ஸ்டட்டே வளைந்திருந்தாலோ, அதன் மரை துளையில் தளர்ந்து ஆடினாலோ இந்தக் கட்டம் அதைப் பிடிக்காது. ஸ்டட்டை இறுக்கி மாட்டிய நிலையிலேயே காட்டும் அசெம்பிளி டிராயிங்கில் P தேவையும் இல்லை. அங்கே பொசிஷன் டாலரன்ஸ் நேரடியாக வெளியே நிற்கும் ஸ்டட்டுக்கே பொருந்தும், அளப்பவரும் ஸ்டட்டையே அளப்பார்.