கடை ஸ்டிக்கருக்குள் ஒரு நாடு

யாழ்ப்பாணத்துப் பலசரக்குக் கடை ஒன்றின் மேசையில் லங்கா கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஸ்கேன் செய்தால் செல்பேசிக்குக் கிடைப்பது ஒரு நீண்ட எழுத்துச் சரம்தான். அதன் நடுப்பகுதி, கற்பனைக் கடைப் பெயரோடு, இப்படி இருக்கும்:

```
5204541153031445802LK5910ABI STORES6006JAFFNA
```

புரியாத குவியல்போலத் தெரிந்தாலும் படிப்பது எளிது. ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் இரண்டு இலக்க அடையாள எண், அடுத்த இரண்டு இலக்கங்களில் தகவலின் நீளம், பிறகு தகவல். 52 கடையின் தொழில் வகை. 5411 என்றால் மளிகை. 53 நாணயம், 144 இலங்கை ரூபாய். 58தான் நாடு: இரண்டு எழுத்து, LK. பிறகு கடைப் பெயரும் ஊரும். அட்டை நிறுவனங்களின் கூட்டமைப்பான எம்விகோ வகுத்த இந்த வரிசைமுறையைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன.

தமிழ்நாட்டுக் கடைகளில் பரவலாகக் காணும் யுபிஐ ஸ்டிக்கர் வேறு ரகம். அது `upi://pay` என்று தொடங்கும் ஒரு முகவரி. இந்த 58-க்கு அதில் இடமில்லை.

2024 பிப்ரவரி 12 அன்று இலங்கையில் யுபிஐ சேவை தொடங்கியது. இந்தியப் பயணி ஒருவர் அங்கே ஸ்கேன் செய்யும்போது, LK என்பதைப் பார்த்தே செயலி இது வெளிநாட்டுக் கடை என்று பிரித்தறிய முடியும். வெளிநாட்டுப் பணம் செலுத்தும் வசதி இயக்கப்பட்டிருக்கிறதா, ரூபாய்க்கு ரூபாய் மாற்று விகிதம் காட்ட வேண்டுமா என்ற கேள்விகள் அதன்பின் வரும். ஆனால் பணம் எந்த வழியில் போக வேண்டும் என்பதை நாட்டுக் குறியீடு சொல்லாது. அது 02 முதல் 51 வரையுள்ள கணக்குத் தகவல்களின் வேலை. நாணயமும் தனிப் புலம்தான். LK இருப்பதால் இலங்கை ரூபாய் என்று ஊகித்துக்கொள்ளும் செயலி தவறு செய்கிறது.

அவசரத்தில் எழுதிய மென்பொருள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சரத்தை முதலிலிருந்து முறையாகப் பிரிக்காமல் "5802" எங்கே வருகிறது என்று தேடினால், முன்னால் இருக்கும் கணக்கு எண்ணே காலை வாரிவிடும். அந்த எண் 1458021977 என்றால், கிடைக்கும் நாடு "19"! அந்த அட்டை மட்டும் செல்லாது என்று செயலி அடம்பிடிக்கும். மற்ற கடைகளில் ஒழுங்காக வேலை செய்யும். இலங்கைக்கு SL என்று எழுதுவது இன்னொரு வகைப் பிழை. உலகக் குறியீட்டில் அது சியரா லியோன்.

சரத்தின் கடைசியில் 63 என்ற எண்ணோடு நான்கு எழுத்துச் சரிபார்ப்புக் குறி வரும். LK-வை மட்டும் மாற்றினால் கணக்கு பொருந்தாது. நல்ல செயலி மறுத்துவிடும். அதற்காக இதை முத்திரை என்று நம்பிவிடக் கூடாது. கணக்கிடும் முறை எல்லோருக்கும் தெரிந்தது. மோசடிக்காரர் புதுக் குறியையும் சேர்த்தே அச்சிட்டுவிடலாம். கடை உண்மையில் எங்கே இருக்கிறது, யாருடையது என்பது பணப் பரிமாற்ற வலையமைப்பின் பதிவேட்டில்தான் இருக்கிறது.