தொண்ணூறு நாள், ஒரே தாள், இரண்டு வாசகர்கள்

பதவி உயர்வு கிடைத்த கையோடு புது மேலாளரிடம் பல இடங்களில் மேலதிகாரி கேட்பது இது: "அடுத்த மூணு மாசத்துக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு எழுதிக் கொடுங்க." அவரும் இரவெல்லாம் உட்கார்ந்து பவர்பாயிண்டில் பக்கம் பக்கமாகத் தயாரித்து அனுப்பிவிடுகிறார். அது மேலதிகாரியின் மின்னஞ்சலோடு நின்றுவிடுகிறது. புது மேலாளரின் கீழே வேலை செய்யப் போகிறவர்கள் கண்ணில் படுவதே இல்லை. யாரை எங்கே மாற்றுவார், யார் பக்கம் சாய்வார், பழைய மனக்கசப்பை நினைவில் வைத்திருப்பாரா என்று கேண்டீனில் அவர்களாகவே ஊகித்துக்கொள்கிறார்கள்.

அந்தத் திட்டத்தை ஒரே தாளில் எழுதி, அதே தாளை மேலதிகாரிக்கும் குழுவுக்கும் கொடுத்தால் நிலைமை வேறு. எழுதுகிற கைக்கு உடனே ஒரு கட்டுப்பாடு வந்துவிடும். குழுவின் தலையில் ஏற்றப்போகும் சுமையை அவர்களுக்குத் தெரியாமல் மேலதிகாரிக்கு வாக்களிக்க முடியாது. மேலதிகாரி ஒப்புக்கொள்ளாத சலுகையைக் குழுவிடம் சொல்லிவைக்கவும் முடியாது.

தொண்ணூறு நாள் என்ற கணக்கைப் பரவலாக்கியவர் மைக்கேல் வாட்கின்ஸ். ஹார்வர்டில் கற்பித்த இவர் 2003-இல் வெளியிட்ட 'தி ஃபர்ஸ்ட் 90 டேஸ்' என்ற நூலிலிருந்துதான் இந்த வழக்கம் உலகெங்கும் அலுவலகங்களுக்குப் போனது. புதிதாகப் பொறுப்பேற்கும் நடுநிலை மேலாளர் ஒருவர் நிறுவனத்திடமிருந்து பெற்ற அளவுக்குத் திருப்பித் தரத் தொடங்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆகிறது என்பது அதே நூலின் கணிப்பு. மூன்று மாதத்துக்குள் எல்லாவற்றையும் சாதித்துக் காட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த ஆறு மாதத்தை மறந்துவிடுகிறார்கள்.

திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். எட்டு ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக இருந்த பெண் ஒருவர் மெர்ச்சண்டைசிங் மேலாளர் ஆகிறார். கீழே ஆறு பேர். நேற்றுவரை எல்லோரும் பக்கத்து மேசைக்காரர்கள். பையரிடமிருந்து ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு தூத்துக்குடித் துறைமுகம் போகும்வரை ஒவ்வொரு கட்டத்தையும் துரத்திப் பிடிப்பது இந்தக் குழுவின் வேலை. சரக்கு தாமதமாகி, தவறு நிறுவனத்தின் பக்கம் இருந்தால், விமானத்தில் அனுப்பும் செலவு நிறுவனத்தின் தலையில் விழும். அந்த ஆர்டரின் லாபம் அதிலேயே கரைந்துவிடும். முதலாளி அவரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொல்கிறார்: "இந்த சீசன்ல ஏர் ஷிப்மென்ட்டே இருக்கக் கூடாதுங்க."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வருவதுதான் அந்த நேரத்தில் எளிது. பல திட்டங்கள் கெட்டுப்போவதும் அந்த இடத்தில்தான். ஒரு பின்னலாடை ஆர்டர் உறுதியாவதிலிருந்து கப்பல் ஏறுவதற்கு மூன்று முதல் நான்கு மாதம் பிடிக்கும். அவர் நாற்காலியில் உட்காரும் நாளில் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களில் சில ஏற்கெனவே பிந்திவிட்டவை. அவற்றுக்கு இவர் பொறுப்பேற்றால் செய்யாத தவறுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். இன்னொரு பக்கம், நாற்பத்தைந்தாவது நாளில் அவர் கொண்டுவரும் ஒரு நல்ல மாற்றத்தின் பலன் தொண்ணூறாவது நாளில் துறைமுகத்தில் தெரியாது. ஆகவே முதலாளியோடு அவர் பேசித் தீர்க்க வேண்டிய முதல் விஷயம் எதை அளப்பது என்பது. ஓடுகிற ஆர்டர்களைத் தனியாகப் பட்டியலிட்டு, எவை விமானத்தில் போகக்கூடும் என்று முதல் வாரத்திலேயே காட்டிவிடலாம். புதிதாக உறுதியாகும் ஆர்டர்களில் மட்டும் தம் வேலையை அளக்கச் சொல்லலாம். அளவுகோலும் கப்பலாக இல்லாமல், தொண்ணூறு நாளுக்குள் கண்ணில் படக்கூடிய முந்தைய கட்டமாக இருக்க வேண்டும்.

அந்தக் கட்டம் எது என்பது முதல் நாளில் அவருக்கே தெரியாது. அதனால் தாளின் முதல் முப்பது நாளில் தீர்வு எதுவும் இராது. இரண்டு வேலைகள்தான். ஒன்று, கடந்த சீசனில் பிந்திய ஒவ்வொரு ஆர்டரையும் அதன் டி.என்.ஏ. அட்டவணையோடு வைத்து, தாமதம் எந்தத் தேதியில் தொடங்கியது என்று பார்ப்பது. அந்த அட்டவணையில் எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று வரிசையாக இருக்கும். இரண்டாவது, ஆறு பேரோடும் தனித்தனியாக முக்கால் மணி நேரம் உட்காருவது. எல்லோரிடமும் அதே மூன்று கேள்விகள்: உங்கள் வேலை எங்கே சிக்கி நிற்கிறது? யாருடைய முடிவுக்காகக் காத்திருக்கிறீர்கள்? எதை மட்டும் மாற்றவே கூடாது? ஒரே கேள்விகளாக இருந்தால்தான் பதில்களை ஒப்பிட முடியும். ஆளுக்கொரு விதமாகப் பேச்சு போனால், நன்றாகப் பேசத் தெரிந்தவரின் கருத்தே குழுவின் கருத்தாகிவிடும்.

புது மேலாளர் கேள்வியோடு தொடங்குவது பலவீனம் என்று பலர் நினைக்கிறார்கள். லூ கெர்ஸ்ட்னர் 1993 ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைமைக்கு வந்தபோது அது வரலாறு காணாத நஷ்டத்தில் இருந்தது. கம்பெனியைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அவர் மூத்த அதிகாரிகள் ஐம்பது பேரை, மூன்று மாதத்துக்குள் ஆளுக்கு ஐந்து பெரிய வாடிக்கையாளர்களையாவது நேரில் பார்த்து, கேட்டதைச் சுருக்கமாக எழுதித் தரச் சொன்னார். ஜூலையில் பத்திரிகையாளர்களிடம், இப்போதைக்குத் தேவையில்லாதது தொலைநோக்குப் பிரகடனம் என்ற பொருளில் பேசி விமர்சனத்துக்கும் ஆளானார். ஆனால் கம்பெனியைப் பிரிப்பதில்லை என்ற பெரிய முடிவை அந்த மூன்று மாதத்துக்குள் எடுத்திருந்தார். வெளியிலிருந்து வந்தவருக்கே கேட்டுத் தெரிந்துகொள்ள அவ்வளவு இருந்தது. உள்ளிருந்து உயர்ந்தவருக்கு வேறொரு சிக்கல்: எல்லாம் தமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வார். அவருக்குத் தெரிந்தது தம் மேசையும் தம் பையரும்தான்.

திருப்பூர்க் கதைக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்காக, போன சீசனில் 24 ஆர்டர்களில் 9 பிந்தின என்று வைத்துக்கொள்வோம். தையல் பிரிவைத்தான் எல்லோரும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அட்டவணைகளைப் பார்த்தால் 6 ஆர்டர்களில் துணி வெட்டுவதற்கு முன்பே தாமதம் தொடங்கியிருக்கிறது. அதிலும் பெரும்பாலும் லேப் டிப் கட்டத்தில். பையர் கேட்ட நிறத்தைச் சிறு துணித் துணுக்கில் தோய்த்து அனுப்பி ஒப்புதல் வாங்குவதுதான் லேப் டிப். பையர் நிராகரித்தால் மறுபடி தோய்த்து, மறுபடி கூரியரில் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம் போகும். ஒப்புதல் வராமல் சாயமேற்ற முடியாது. சாயமேறாத துணியை வெட்ட முடியாது. இழந்த இரண்டு வாரத்தைத் தையல்காரர்கள் இரவு ஷிப்டில் ஈடுகட்டப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் பழி அவர்கள் மேல்தான் விழும்.

முப்பதாவது நாளில் இதையெல்லாம் அரைப் பக்கத்தில் எழுதி, முதலாளிக்கும் ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கிறார். யார் எதைச் சொன்னார் என்பது அதில் இராது. என்ன தெரிந்தது என்பது மட்டும்.

அடுத்த முப்பது நாளுக்கு ஒரே ஒரு சோதனை. இரண்டு பையர்களின் ஆர்டர்களில் மட்டும், லேப் டிப் கூரியருக்குப் போகுமுன் வேறொரு மெர்ச்சண்டைசர் அதை லைட் பாக்ஸில் வைத்து, பையர் குறிப்பிட்ட அதே விளக்கொளியில் பார்த்து ஒப்பமிட வேண்டும். பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகும் நிறம் கடை விளக்கில் வேறாகத் தெரியும். நிராகரிப்புக்கு அது ஒரு வழக்கமான காரணம். முதல் தடவையிலேயே ஒப்புதலாகும் லேப் டிப் எத்தனை என்பதுதான் அவர் முதலாளியிடம் தரும் அளவுகோல். அது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். சோதனையை ஆறு பையர்களுக்கும் ஒரே நாளில் விரித்தால், சீசன் நெருக்கடியில் ஒப்பம் வெறும் சடங்காகிவிடும்; பலன் வந்ததா இல்லையா என்றும் பிரித்துச் சொல்ல முடியாது.

குழு அந்தத் தாளில் முதலில் தேடிப் படிப்பது "மாறாதவை" என்ற பகுதியைத்தான். யார் எந்தப் பையரைப் பார்ப்பது என்பது அறுபது நாளைக்கு அப்படியே இருக்கும். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விடுமுறைகள் அப்படியே. அறுபத்தோராவது நாளுக்குப் பிறகு பையர் ஒதுக்கீடு மறுபரிசீலனைக்கு வரும், எண்பதாவது நாளுக்குள் முடிவு சொல்லப்படும். முடிவு எப்போது வரும் என்ற தேதி தெரிந்துவிட்டால் நடுவில் ஊகத்துக்கு வேலை குறையும். தேதியைத் தள்ளினால் மட்டும் தாளின் மதிப்பு மொத்தமாகப் போய்விடும்.

தாளில் எழுதக் கூடாதவையும் உண்டு. தனி ஆட்களைப் பற்றிய மதிப்பீடு ஒரு வரிகூட வரக் கூடாது. அதே பதவியை எதிர்பார்த்திருந்த மூத்தவர் ஒருவர் குழுவில் இருந்தால், அவர் இந்தத் தாளை மற்றவர்களோடு சேர்ந்து முதன்முதலாகப் பார்ப்பது நியாயமில்லை. முந்தின நாளே தனியாகப் போய்ப் பேச வேண்டும்.

"அண்ணா, உங்களுக்குத்தான் வரும்னு எல்லாரும் நினைச்சிருந்தாங்க. எனக்கும் தெரியும். நாளைக்கு இதைக் குடுக்கறதுக்கு முன்னால நீங்க பார்க்கணும்."

"எனக்கு வருத்தம் இல்லைன்னு சொன்னா பொய்ம்மா. குடு, படிக்கிறேன்."

அவ்வளவு பேச்சு போதும். வருத்தத்தை அங்கேயே ஆற்றிவிட முயல வேண்டியதில்லை.

மிகக் கடினமான வரி கடைசியில்தான் வரும்: மேலாளர் தம் பழைய வேலையை எந்தத் தேதியில் கைவிடுகிறார் என்பது. ஹார்வர்டின் லிண்டா ஹில், புதிதாக மேலாளரான 19 பேரை முதல் ஆண்டு முழுவதும் தொடர்ந்து கவனித்து 1992-இல் ஒரு நூல் எழுதினார். வேலையைத் தானே செய்து பெயர் வாங்கியவர்களுக்கு, பிறரைக் கொண்டு செய்விப்பவராக மாறுவது எவ்வளவு சிரமம் என்பது அதில் விரிவாக இருக்கிறது. நமது மெர்ச்சண்டைசர் ஆறு ஆண்டுகளாக ஒரு பெரிய பையரைத் தம் கையில் வைத்திருந்தார். இருபதாம் நாளிலிருந்து அந்த மின்னஞ்சல்களுக்கு வேறொருவர் பதில் எழுதுவார், இவர் நகலில் இருப்பார். நாற்பத்தைந்தாம் நாளில் நகலிலிருந்தும் விலகுவார் என்று தாளில் எழுதுகிறார். பையருக்கும் ஒரு வரி போகிறது. அறுபதாம் நாளிலும் பையர் அவர் பெயருக்கே எழுதிக்கொண்டிருந்தால், கைமாற்றம் நடக்கவில்லை என்று பொருள். அதைக் குழுவே முதலில் கவனிக்கும். தேதி அவர்கள் கையிலிருக்கும் தாளில் இருக்கிறதே.

தொண்ணூறாம் நாளில் அதே வடிவில் இன்னொரு தாள் போகிறது. சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று மூன்று பத்திகள். லேப் டிப் ஒப்புதல் எண்ணிக்கை ஏறியிருந்தால் சோதனை மற்ற பையர்களுக்கும் போகும். ஏறாவிட்டால் சாயப்பட்டறையோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும், அதற்கு முதலாளியின் துணை வேண்டும். புது முறையில் போன முதல் ஆர்டர்கள் அடுத்த மாதம்தான் துறைமுகம் சேரும். ஏர் ஷிப்மென்ட் பற்றி முதலாளி கேட்ட கேள்விக்கான பதிலுக்கு அந்த ஷிப்மென்ட் தேதியையே குறித்துவைத்து, தாளை இரு தரப்புக்கும் அனுப்புகிறார்.