சார்ஜர் வெடிக்கும் என்று சொல்லாத வீடியோ

தீப்பிடித்து எரியும் ஒரு காட்சி, திடுக்கென்று ஒரு இசை, “இந்த சார்ஜர் உங்க வீட்ல இருக்கா? உடனே தூக்கிப் போடுங்க!” மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் போடும் எச்சரிக்கை வீடியோக்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. பார்க்கிறவர் பதறிப்போய் நாலு பேருக்கு அனுப்பிவைப்பார். ஆனால் தன் வீட்டு சுவரில் மாட்டியிருக்கும் சார்ஜர் நல்லதா, கெட்டதா என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு வழியும் கிடைத்திருக்காது. ஈரோட்டில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பருக்காக ஒன்றரை நிமிட வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தபோது, தீயை விட்டுவிட்டு அவர் கவுன்டருக்கு வரும் பழுதிலிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்தோம்.

அந்தப் பழுது இப்படி வரும்.

“அண்ணா, டிஸ்ப்ளே போயிடுச்சு போலங்க. கை வைக்காமலே ஆப் எல்லாம் தானா திறக்குது.”

“எப்பவுமேவாங்க, சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டுமா?”

“சார்ஜ்ல இருக்கும்போதுதாங்க.”

கடைக்காரர் போனைக் கழற்றுவதில்லை. முதலில் கடையிலிருக்கும் கம்பெனி சார்ஜரில் போடுகிறார். திரை ஒழுங்காக வேலை செய்கிறது. பிறகு வாடிக்கையாளர் கொண்டுவந்த லோக்கல் சார்ஜரில் மாட்டுகிறார். விரல் படாமலே எழுத்துகள் விழுகின்றன. நம் விரல் பட்டதும் திரையில் ஏற்படும் மிகச் சிறிய மின் மாற்றத்தைத்தான் தொடுதிரை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மட்டமான சார்ஜர் 5 வோல்ட்டோடு நிறைய மின் இரைச்சலையும் சேர்த்து அனுப்பும்போது, திரை அதையும் விரல் என்று நினைத்துவிடுகிறது. டிஸ்ப்ளேயில் பழுதே இல்லை. சார்ஜ் போடாதபோதும், வேறு நல்ல சார்ஜரில் போட்டாலும் இதே தொல்லை தொடர்ந்தால்தான் டிஸ்ப்ளேயைச் சந்தேகப்பட வேண்டும். இதை வீடியோவில் சொல்வதால் கடைக்கு ஒரு டிஸ்ப்ளே வியாபாரம் போகிறதே என்று கேட்டேன். “போகட்டும்ங்க. அந்தம்மா அடுத்த தடவையும் இங்கேதானே வருவாங்க” என்றார்.

அடுத்த காட்சிதான் ஸ்கிரிப்ட்டின் உயிர். மேசையில் இரண்டு சார்ஜர்கள் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பிளக்கில் நுழையும் 230 வோல்ட், உள்ளே நேர்மின்னோட்டமாக மாறும்போது ஏறக்குறைய 325 வோல்ட் ஆகிறது. அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறிய டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்பினால், மறுபக்கம் 5 வோல்ட் வருகிறது. இரு பக்கத்துக்கும் நடுவே கம்பித் தொடர்பு கிடையாது. காந்தப்புலம் வழியாக மட்டுமே ஆற்றல் தாண்டுகிறது. சுவர் மின்சாரம் நம் கைக்கு வராமல் நிறுத்துவது இந்தப் பிரிவினைதான்.

கேமராவை போர்டின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோனால் அந்தப் பிரிவினை கண்ணுக்கே தெரியும். நல்ல சார்ஜரில் இரு பக்கத்துக்கும் நடுவே செம்பே இல்லாத ஒரு பட்டை ஓடும். அகலம் சுமார் 5 மில்லிமீட்டர். சிலவற்றில் அந்த இடத்தில் போர்டையே கீறிப் பள்ளம் விட்டிருப்பார்கள். மட்டமானதில் இரு பக்கச் சாலிடரும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும். டிரான்ஸ்பார்மர் சுற்றிலும் காப்பு டேப் குறைந்திருக்கும். கடைக்காரர் ஒரு சின்ன ஸ்கேலை வைத்துக் காட்டுகிறார். பின்னணி இசை கிடையாது. பேசும் வரி இதுதான்: “இந்த சார்ஜர் இன்னைக்கே வெடிக்கும்னு நான் சொல்லலைங்க. வருஷக்கணக்கா ஓடவும் செய்யலாம். மழைக்கால ஈரம், எறும்பு, சாலிடர் துணுக்கு ஏதாவது ஒண்ணு இந்த இடத்துல பாலம் போட்டா, தடுக்கிறதுக்கு இதுல இடம் இல்லை. அவ்வளவுதான்.” உடனே இன்னொரு வரியும் கட்டாயம் வேண்டும்: “வீட்ல யாரும் பிரிச்சுப் பார்க்காதீங்க. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும்.”

ஸ்கிரிப்ட்டில் நாங்கள் அதிகம் வாதிட்ட இடம் ‘ஷாக் அடிக்குது’ என்ற புகார். உலோக பாடி உள்ள போனை சார்ஜில் வைத்துப் புறங்கையால் மெல்லத் தடவினால் ஊசி குத்துவதுபோல ஒரு கூச்சம் தெரியும். இதைக் காட்டி மிரட்டுவது சுலபம். ஆனால் இரண்டு பின் உள்ள நல்ல கம்பெனி சார்ஜரிலும் இந்தக் கூச்சம் வரும். இரைச்சலைக் குறைக்க இரு பக்கத்துக்கும் நடுவே வைக்கும் ஒரு சிறு கெப்பாசிட்டர் வழியாக மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் கசிவதுதான் காரணம். அது இயல்பு. நல்ல சார்ஜரில் அந்த இடத்தில் பழுதானாலும் சுவர் மின்சாரத்தை வழிய விடாதபடி செய்த தனி ரகக் கெப்பாசிட்டர் இருக்கும். மட்டமானதில் சாதாரண ரகத்தை வைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து இந்த வித்தியாசம் தெரியாது. அதனால் வீடியோவில், லேசான கூச்சம் இருந்தால் பயப்பட வேண்டாம், கை உதறும் அளவுக்கு அடித்தால் சுவிட்சை அணைத்துவிட்டு அந்த சார்ஜரை ஓரங்கட்டுங்கள் என்று மட்டும் வைத்தோம்.

பேட்டரி வெடிக்கும் என்ற வரியை அடித்துவிட்டோம். சார்ஜருக்கும் பேட்டரிக்கும் நடுவே போனுக்குள்ளேயே சார்ஜிங் ஐசி இருக்கிறது. எவ்வளவு மின்சாரம் உள்ளே போக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கெட்ட சார்ஜரால் அந்த ஐசியும் சார்ஜிங் போர்டும் பழுதாகலாம், அதைச் சொன்னால் போதும். உப்பிய பேட்டரி தனி விஷயம். அதற்குத் தனி வீடியோ போடலாம்.

பார்ப்பவர் தானே செய்யக்கூடிய சோதனைகளில் மூன்றைத்தான் எடுத்துக்கொண்டோம். சார்ஜர் வெதுவெதுப்பாக இருப்பது சரி. கையில் பிடிக்க முடியாத சூடு, கருகல் வாடை, கறுத்துப்போன பின் இவற்றில் எது இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. பிளக் பாயின்ட்டில் ஆடினால் பொறி கிளம்பும், ஆகவே ஆடுவதும் வேண்டாம். கனமாக இருந்தால் ஒரிஜினல் என்று நம்பவும் முடியாது. எடைக்காகவே இரும்புத் துண்டு ஒட்டி விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது சோதனை R நம்பர். இந்தியாவில் விற்கும் போன் அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு கட்டாயம். அந்த முத்திரையோடு R- என்று தொடங்கும் பதிவு எண் அச்சாகியிருக்க வேண்டும். எண்ணை அச்சடிக்க யாராலும் முடியும் என்பதால் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. BIS Care என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவாகியிருக்கிறது என்று வரும். சார்ஜர் என்று விற்றதற்கு எல்இடி பல்பின் பதிவு வந்தாலோ, தயாரிப்பாளர் பெயர் பொருந்தாவிட்டாலோ கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். எண் சரியாக இருந்தால் போன் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி சார்ஜர்தான் வேண்டும் என்பதும் இல்லை. சார்ஜ் கொஞ்சம் மெதுவாக ஏறலாம், அதனால் போனுக்குக் கெடுதல் கிடையாது.

கடைசி வரியை நண்பரே எழுதினார். சார்ஜர் விற்பவர் சார்ஜரைப் பற்றி எச்சரித்தால் ஊர் என்ன நினைக்கும் என்பது அவருக்குத் தெரியும். “என்கிட்டதான் வாங்கணும்னு இல்லைங்க. எங்கே வாங்கினாலும் பில் கேளுங்க, R நம்பரைப் போட்டுப் பாருங்க. எழுத்து பொடிசா இருக்கும். போன்லயே போட்டோ எடுத்துப் பெருசாக்கிப் படிங்க.”